இடிதாங்கியின் நுனி மழுங்கினால்…

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி இடிதாங்கியின் நுனி துருப்பிடித்து மழுங்கிவிட்டது. நுனி கூராக இருந்தால்தான் மேகத்தின் மின்சாரத்தை மெல்ல இழுத்து இடி விழாமல் தடுக்கும், அதனால் உடனே மாற்ற வேண்டும் என்கிறார் பராமரிப்பாளர். எங்கள் பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் படித்த நினைவு. ஆனால் மின்பொறியாளரான என் மைத்துனர், “நுனியை விடுங்கள், அது இடியை வாங்கத்தான் அங்கே நிற்கிறது” என்கிறார். யார் சொல்வது சரி?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. ஆனால் பராமரிப்பாளர் சொல்வதும் எங்கிருந்தோ வந்த பேச்சில்லை, இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளினே முதலில் அப்படித்தான் நினைத்தார்.

1740களின் இறுதியில் பிலடெல்பியாவில் அவர் செய்த சோதனை எளிமையானது. மின்னேற்றிய ஓர் இரும்புக் குண்டின் அருகே கூரான ஊசியைக் கொண்டுபோனால், பொறி எதுவும் பறக்காமல் குண்டிலிருந்த மின்னூட்டம் ஓசையின்றி வடிந்துவிடும். மழுங்கிய பொருளை நீட்டினால், மிக அருகே கொண்டுபோன பிறகு படீரென்று பொறி பாயும். மின்னலும் இதே மின்சாரம்தான் என்றால், வீட்டின் உச்சியில் ஊசிபோல் கூரான இரும்புத் தண்டை நட்டு, அதன் அடியிலிருந்து ஒரு கம்பியை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் போதும், மேகம் இடிக்கும் முன்பே காலியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். மேகத்தில் இருப்பது மின்சாரமே என்பதை 1752 மே மாதம் பிரான்சின் மார்லி என்ற ஊரில், அவர் எழுதிவைத்த யோசனைப்படியே வேறொருவர் சோதித்து உறுதிசெய்தார்.

மேசைமேல் நடந்தது மேகத்திடம் நடக்காததற்குக் காரணம் அளவு. இடிமேகத்தின் கீழே நிற்கும் ஒரு கூர்நுனியிலிருந்து கசியும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். தாராளமாக 10 மைக்ரோ ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சாதாரண மின்னல் கொண்டுவரும் மின்னூட்டம் சுமார் 5 கூலும். அந்த ஐந்து கூலுமை இந்தக் கசிவால் வடிக்க 5 லட்சம் வினாடி வேண்டும், அதாவது ஏறக்குறைய ஆறு நாள். சுறுசுறுப்பான ஓர் இடிமேகமோ அடுத்த மின்னலுக்கு வேண்டியதை ஒரு நிமிடத்துக்குள்ளேயே சேர்த்துவிடும்.

அப்படியானால் இடிதாங்கி எப்படிக் காப்பாற்றுகிறது? மின்னல் மேகத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் இறங்குவதில்லை. சுமார் ஐம்பது ஐம்பது மீட்டராகத் தாவித் தாவி இறங்குகிறது. அது தரைக்குச் சில பத்து மீட்டர் தூரத்துக்கு வந்ததும், கீழே உயரமாக நிற்பவற்றின் உச்சிகளில் மின்புலம் ஏறி, ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கி ஒரு மின்கிளை கிளம்பும். எந்தக் கிளை முதலில் போய் இறங்குவதைத் தொடுகிறதோ, அந்தப் பொருளில்தான் இடி விழும். கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ முந்துவதற்குள் தண்டு முந்திக்கொள்ள வேண்டும். பிறகு சுமார் 30,000 ஆம்பியரை, சுவர் வழியே போகவிடாமல் தடித்த உலோகப் பட்டை வழியே மண்ணுக்குள் இறக்க வேண்டும். அதன் வேலை இவ்வளவுதான்.

பிராங்க்ளினும் சீக்கிரமே இதை உணர்ந்தார். 1760இல் பிலடெல்பியாவில் வெஸ்ட் என்ற வணிகரின் வீட்டுத் தண்டில் இடி விழுந்தது. நுனியிலிருந்த பித்தளைக் கம்பியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உருகிப்போனது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கீழே நடந்ததுதான். தண்டின் அடியிலிருந்து இரண்டு மூன்று கஜ தூரத்துக்கு, நனைந்த நடைபாதையின் மேல் மின்னல் பரவியதைப் பார்த்திருக்கிறார்கள். மண்ணுக்குள் இறங்க நல்ல வழி கிடைக்காததால் அது தரையில் படர்ந்திருக்கிறது.

நுனிச் சண்டை அதோடு ஓயவில்லை. இங்கிலாந்தில் பர்ஃபிளீட் என்ற இடத்திலிருந்த வெடிமருந்துக் கிடங்குகளுக்கு என்ன தண்டு வைப்பது என்று முடிவுசெய்ய, 1772இல் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டி ஒரு குழு அமைத்தது. பிராங்க்ளினும் கேவண்டிஷும் இருந்த அந்தக் குழு கூர்முனை வேண்டும் என்றது. பெஞ்சமின் வில்சன் மட்டும், கூர்முனை தொலைவிலிருக்கும் இடியையும் வரவழைத்துவிடும், குமிழ் வைத்தால் போதும் என்று மறுத்தார். கூர்முனைத் தண்டுகளே வைக்கப்பட்டன. 1777 மே மாதம், தண்டு வைத்திருந்த அலுவலகக் கட்டடத்திலேயே இடி விழுந்தது. விழுந்தது தண்டில் அல்ல, கைப்பிடிச் சுவரின் மூலையில் கற்களைப் பிணைத்திருந்த ஓர் இரும்புப் பட்டையில். சில செங்கற்கள் பெயர்ந்தன. இங்கிலாந்துக்கு எதிராக அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது, பிராங்க்ளினோ அமெரிக்கர்கள் பக்கம். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வில்சன் பக்கம் சாய்ந்து, தம் மாளிகையின் கூர்முனைகளை எடுத்துவிட்டு மழுங்கிய முனைகளை வைக்கச் செய்தார்.

என் கணிப்பில் பர்ஃபிளீட்டில் நுனியின் மேல் பிழை இல்லை, அந்த மூலை தண்டின் காப்புக்கு வெளியே நின்றது. இன்றைய பொறியாளர்கள் இதை ஒரு பெரிய பந்தைக் கற்பனையாகக் கட்டடத்தின் மேல் உருட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். பந்து எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் இடி விழலாம். தட்டையான மாடியில் 3 மீட்டர் தண்டு, 45 மீட்டர் ஆரமுள்ள பந்து என்றால், தண்டைச் சுற்றி ஏறக்குறைய 16 மீட்டர் வரை மாடித் தளத்துக்குப் பாதுகாப்பு. பந்தின் ஆரம் 20 மீட்டர் என்றால் அது பத்தரை மீட்டராகச் சுருங்கிவிடும். சிறிய பந்து என்பது வலுக்குறைந்த மின்னல். அது மிக அருகே வந்த பிறகுதான் கீழிருந்து கிளைகள் கிளம்பும், அதனால் தண்டுக்குத் தப்பி மூலையில் விழ அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

நுனியைச் சோதித்தே பார்த்தவர்களும் உண்டு. நியூ மெக்சிகோவில் ஒரு மலையுச்சியில் சார்லஸ் மூரும் அவருடைய குழுவினரும் ஏழு ஆண்டுகள் கூர்முனைத் தண்டுகளையும் மழுங்கிய தண்டுகளையும் பக்கம் பக்கமாக நட்டு வைத்திருந்தார்கள். 2000இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மழுங்கிய தண்டுகளில் பன்னிரண்டில் இடி விழுந்தது, கூரானவற்றில் ஒன்றில்கூட விழவில்லை. விரல் பருமனுக்கு, ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விட்டம் உள்ளவைதான் நன்றாக வாங்கின. கூர்நுனியிலிருந்து கசியும் அந்த மின்னூட்டமே நுனியைச் சுற்றி ஒரு திரைபோல நின்று, மேல்நோக்கிய கிளை கிளம்புவதைத் தாமதப்படுத்துகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆக, உங்கள் நுனி மழுங்கியது நஷ்டமே இல்லை.

சரி, பணத்தை எங்கே செலவிடுவது? கீழே. நான் முன்பு குடியிருந்த ஒரு கட்டடத்தில் மாடியில் தண்டு பளபளவென்று நின்றது. வெள்ளையடித்தபோது இடைஞ்சலாக இருந்ததென்று கழற்றிய செப்புப் பட்டையை, முதல் மாடிக்குக் கீழே யாரும் திரும்ப மாட்டவில்லை. அந்தத் தண்டு இடியை வாங்கியிருக்கும், வாங்கிய பிறகு அதைக் கொண்டுபோக வழி இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பட்டை முழுசாக இருந்தாலும் எர்த் சரியில்லை என்றால் ஆபத்துதான். எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த 10 ஓமிலேயே 30,000 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு கணம் 3 லட்சம் வோல்ட் ஏறும். தடை 50 ஓம் என்றால் 15 லட்சம். அப்போது மின்னல் பட்டையை விட்டுப் பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாய்க்கோ மின்கம்பிக்கோ தாவும். அதனால்தான் அந்த உலோகங்களையும் பட்டையோடு இணைக்கிறார்கள்.

மாடியிலிருந்து எர்த் குழி வரை பட்டையைக் கண்ணால் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா, எங்காவது அறுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் உங்கள் மைத்துனரிடம் எர்த் மீட்டர் கொண்டுவரச் சொல்லி மின்தடையை அளந்து பாருங்கள், மண் காய்ந்து தடை உச்சத்தில் இருக்கும் கோடையில். மழை பெய்த மறுநாள் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.