கரண்ட் போனால் மெசேஜ் அனுப்பும் கருவி: ரவுட்டரும் நின்றுவிட்டால்?

கேள்வி: நான் கொழும்பில வேலை. யாழ்ப்பாணத்தில அம்மா தனிய இருக்கிறா. வீட்டில கரண்ட் போனா என்ர போனுக்கு மெசேஜ் வாற மாதிரி ESP32 எண்ட சின்ன வைஃபை போர்ட் வைச்சு ஒண்டு செய்யலாமெண்டு பாக்கிறன். ஆனா கரண்டோட ரவுட்டரும் நிண்டிடுமே, பிறகு மெசேஜ் எப்பிடிப் போகும்?

பதில்:

ESP32க்குத் தனியாகப் பற்றரி தேடாமல், ரவுட்டரையும் அதையும் ஒரே பற்றரியில் ஓட விடுங்கள். ரவுட்டருக்கென்றே மினி யூபிஎஸ் என்று ஒரு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. 12 வோல்ட், 9 வோல்ட் வெளியீடுகளோடு 5 வோல்ட் யூஎஸ்பி துளையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்குரிய வயரைப் பூட்டவேண்டும். யூஎஸ்பி துளையில் ESP32. கோண்டாவிலில் பெரியம்மா வீட்டில் நான் பூட்டியிருப்பது இதுதான்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 8800 mAh என்று பெட்டியில் போட்டிருந்தால், அது 3.7 வோல்ட் பற்றரிக்கான கணக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும் என்று வைத்தால் கையில் 26. ரவுட்டர் 6 வாட் இழுத்தால் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பெட்டியில் எழுதியிருப்பது உண்மையென்றால்தான் இந்தக் கணக்கும். உண்மையா என்று அறியும் வழியைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வருவது ஃபைபர் என்றால் நல்லது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் இடையில் கரண்ட் தேவைப்படும் சாமான் பெரும்பாலும் எதுவுமில்லை, எக்ஸ்சேஞ்சில் அவர்களுக்குப் பற்றரி உண்டு. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் வேறுவேறாக இருந்தால் இரண்டையும் யூபிஎஸ்ஸில் போடவேண்டும். 4ஜி ரவுட்டர் என்றால் டவர்ப் பற்றரி தீரும் வரைதான். சிம் போடும் SIM800L மொடியூலைப் பலர் சொல்வார்கள். அது 2ஜி மட்டும் பேசும். சிக்னல் பிடிக்கும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுப்பதால், பற்றரி கொஞ்சம் தளர்ந்தாலே தானாக றீசெட் ஆகும். அதற்குள் போட்ட சிம்முக்கு றீலோட் போட மறந்தால் அதுவும் போச்சு. ரவுட்டர் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை.

அடுத்தது, கரண்ட் போனதை ESP32 எப்படி அறியும். யூபிஎஸ்ஸிலிருந்து வரும் 5 வோல்ட் எப்போதும் இருக்கும் என்பதால் அதைப் பார்த்துப் பயனில்லை. பழைய போன் சார்ஜர் ஒன்றைச் சுவர் பிளக்கில் தனியாகக் குத்திவிடுங்கள். வீட்டில் இன்வேர்ட்டர் இருந்தால் அதன் லைனில் இல்லாத பிளக்காக இருக்கவேண்டும். சார்ஜரின் 5 வோல்ட்டை நேரே ESP32 காலுக்குக் கொடுத்தால் அது எரியும், 3.3 வோல்ட்தான் அதன் எல்லை. 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதிலிருந்து கிரவுண்டுக்கு 15 கிலோ ஓம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் 3 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து வயரை GPIO 27 என்ற காலில் கொடுங்கள். சார்ஜரின் கிரவுண்டையும் ESP32இன் கிரவுண்டையும் இணைக்காவிட்டால் எதுவும் சரியாக வாசிக்காது. 230 வோல்ட் பக்கம் நீங்கள் கையே வைக்கத் தேவையில்லை, அதுதான் இந்த முறையின் அழகு.

சில சார்ஜர்களுக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர், கரண்ட் போன பிறகும் 5 வோல்ட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றியும் கால் பல செக்கன்கள் HIGH ஆகவே நின்றால் காரணம் அதுதான். சார்ஜரின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அது விரைவில் வடிந்துவிடும்.

மாரியில் காற்றடிக்கும் நாட்களில் கரண்ட் இரண்டு செக்கன் போய் வரும். ஒவ்வொன்றுக்கும் மெசேஜ் வந்தால் ஒரு கிழமைக்குள் நீங்களே அதை மியூட் பண்ணிவிடுவீர்கள், பிறகு கருவி இருந்தென்ன. அதனால் போனது 30 செக்கன் நிலைத்தால் மட்டும் ஒரு மெசேஜ், வந்தது இரண்டு நிமிடம் நிலைத்தால் மட்டும் ஒரு மெசேஜ்:

```cpp
const int SENSE = 27;
bool on;
unsigned long since;

void loop() {
  bool now = digitalRead(SENSE);
  if (now == on) since = millis();
  unsigned long need = on ? 30000UL : 120000UL;
  if (millis() - since > need) {
    if (tell(now ? "கரண்ட் வந்துட்டுது" : "கரண்ட் போட்டுது")) {
      on = now;
      since = millis();
    }
  }
  delay(200);
}
```

`setup()` இல் முதலில் `pinMode(SENSE, INPUT);` போட்டு, `on = digitalRead(SENSE);` என்று தொடக்க நிலையை எடுத்து, "இயங்கத் தொடங்கிட்டன்" என்று ஒரு மெசேஜும் அனுப்ப வையுங்கள். பற்றரி முழுதாகத் தீர்ந்து மீண்டு வந்ததை அதுதான் சொல்லும். `tell()` என்பது டெலிகிராமுக்கு அனுப்பி, 200 என்று பதில் வந்தால் மட்டும் `true` தரும் ஃபங்ஷன். அனுப்ப முடியாவிட்டால் `on` மாறாது, ஆகவே அடுத்த சுற்றில் திரும்ப முயலும். டெலிகிராமில் @BotFather இடம் `/newbot` என்று கேட்டால் டோக்கன் கிடைக்கும். தமிழ் எழுத்தை யூஆர்எல்லில் ஒட்டாமல் ஜேசனாக POST பண்ணுங்கள், சிதையாது.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். மெசேஜ் வரவில்லை என்றால் கரண்ட் இருக்கிறதா, லைன் அறுந்திருக்கிறதா, ESP32 செத்துவிட்டதா என்று கொழும்பிலிருந்து உங்களுக்குத் தெரியாது. அதற்காக ESP32 ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை healthchecks.io இல் நீங்கள் உருவாக்கும் முகவரியைத் தட்டட்டும். தட்டுவது நின்று பத்து நிமிடமானால் அந்தத் தளம் உங்களுக்கு டெலிகிராமில் சொல்லும். வீட்டிலிருந்து எதுவுமே அனுப்ப முடியாத நிலையையும் வெளியிலிருக்கும் ஒருவர் கவனிக்கிறார் என்பதே இதன் பயன்.

இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். "கரண்ட் போட்டுது" வந்து, தட்டுவது தொடர்ந்தால் சாதாரண மின்வெட்டு. அது வந்து சில மணித்தியாலத்தின் பின் தட்டுவது நின்றால் யூபிஎஸ் தீர்ந்துவிட்டது, அல்லது டவர் படுத்துவிட்டது. முதல் மெசேஜ் இல்லாமலே தட்டுவது நின்றால் பெரும்பாலும் இன்டர்நெட்தான் போயிருக்கிறது, கரண்ட் இருக்கக்கூடும். யூபிஎஸ் சொன்னபடி தாங்குகிறதா என்பதும் இதிலேயே தெரியும்: நீங்கள் வீட்டில் நிற்கும்போது யூபிஎஸ், சார்ஜர் இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, கடைசித் தட்டு எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

ஒரு எல்லை உண்டு. ஊர் முழுக்கப் போனதா, உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்ததா என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. போன மாரியில் பெரியம்மா வீட்டிலிருந்து மெசேஜ் வந்தது, தட்டுவதும் நிற்கவில்லை. போன் எடுத்து, "முன்வீட்டில லைட் எரியுதோ பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, அங்க ரிவி போகுது."

அப்படியென்றால் ட்ரிப், இல்லாவிட்டால் பெரியம்மா வீட்டுக்கு வரும் ஃபேஸ் போயிருக்கவேண்டும். சுவிட்ச் விழுந்துதான் கிடந்தது. முன்வீட்டுத் தம்பி வந்து தூக்கினால் திரும்பவும் விழுந்தது. எல்லாப் பிளக்கையும் கழற்றித் தூக்கச் சொன்னேன், நின்றது. ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்ததில், கிணற்று மோட்டரைக் குத்தியதும் விழுந்தது. மழைத் தண்ணீர் மோட்டருக்குள் இறங்கியிருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும், அந்தச் சுவிட்ச் விழத்தான் செய்யும். மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தோம். சுவிட்ச் மேலேயே இருந்தும் உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை என்றால் அம்மாவை ஒன்றும் தொட விடாதீர்கள், மின்தடை முறைப்பாட்டுக்கான 1987க்கு அடியுங்கள். பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைக் கேட்பார்கள், அதை உங்கள் போனில் இப்போதே எழுதி வையுங்கள்.