பாலக்கோட்டில் ஹோம் கலெக்ஷன்: ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய் என்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்து தருமபுரியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள், சம்பளம் 12,000 ரூபாய், தினமும் பாலக்கோட்டிலிருந்து பஸ். இப்போது வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் எடுக்கும் வேலையைத் தனியாகச் செய்யப் போகிறேன் என்கிறாள். "ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய்மா, பத்து வீடு போனா ஆயிரம், மாசம் முப்பதாயிரம்" என்று அவள் கணக்குச் சொல்கிறாள். நீங்கள் பயப்படுகிறீர்கள். வேலை நல்ல வேலைதான். பாப்பா போட்ட கணக்கில்தான் கோளாறு.

அவளுக்கு வந்திருக்கும் இரண்டு வாய்ப்புகளையும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது, தருமபுரியில் உள்ள ஒரு லேப். ஒரு நோயாளிக்கு 100 ரூபாய், பெட்ரோல் அவள் செலவு, காலை பத்து மணிக்குள் சாம்பிளைத் தருமபுரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பாலக்கோட்டிலேயே இருக்கும் ஒரு கலெக்ஷன் சென்டர். மாதம் 7,000 நிலையான தொகை, அதோடு நோயாளிக்கு 50 ரூபாய். காலை ஆறு மணியிலிருந்து பத்து, பத்தரை வரை வேலை. சென்டரில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் இருக்கிறது. பாப்பாவுக்கு முதலாவது பிடித்திருக்கிறது, 50-ஐவிட 100 பெரியது என்பதால். சரி, நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தத் தொழிலில் விற்கப்படுவது காலை நேரம். சுகர், கொழுப்பு மாதிரிப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டும் என்பதால் எல்லோரும் ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான் கூப்பிடுவார்கள். பதினோரு மணிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். தருமபுரி 25 கிலோமீட்டர் பக்கம். பத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஒன்பதுக்கு ஸ்கூட்டியைக் கிளப்பியாக வேண்டும். ஆக, கையில் இருப்பது மூன்று மணி நேரம்.

ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் ஆகும்? கதவைத் தட்டி, பெயரும் வயதும் கேட்டுச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, "வெறும் வயிறுதானே?" என்று கேட்டால், "ஆமா பாப்பா, டீ மட்டும்தான் குடிச்சேன்" என்று பாட்டி சொல்லும். அந்த டீயில் சர்க்கரையும் பாலும் இருக்கும். அதை எழுதி, லேபுக்குப் போன் போட்டுக் கேட்டு, அப்புறம் நரம்பு தேடி, எடுத்து, அங்கேயே டியூப்பில் பெயர் ஒட்டி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பணம் வாங்கிச் சில்லறை தருவதற்குள் பதினைந்து நிமிடம் போய்விடும். பாலக்கோடு டவுனுக்குள் அடுத்த வீட்டுக்கு பத்து நிமிடம். மாரண்டஅள்ளி பக்கமோ வெள்ளிச்சந்தை பக்கமோ ஒரு அழைப்பு வந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். கலந்து பார்த்தால் ஒரு நோயாளிக்கு 35 நிமிடம். மூன்று மணி நேரத்தில் ஐந்து வீடு. பத்து வீடு என்பது ஒரே தெருவில் பத்து பேர் சொல்லிவைத்த மாதிரி கூப்பிட்டால்தான்.

ஐந்து வீடு, 500 ரூபாய். சுற்றியதில் 30 கிலோமீட்டர், தருமபுரி போய்வர 50, மொத்தம் 80. பெட்ரோல், டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வைத்தால் 240. மிஞ்சுவது 260. மாதம் 26 நாள் என்றால் 6,760. இது தினமும் ஐந்து அழைப்பு வந்தால். ஆரம்பத்தில் அப்படி வராது. இரண்டு பேர் மட்டும் கூப்பிட்ட நாளில், சுற்றியது 15 கிலோமீட்டர் என்றாலும், தருமபுரிப் பயணம் அதே 50 தானே? 65 கிலோமீட்டருக்கு 195 ரூபாய் செலவு, வரவு 200. ஐந்து ரூபாய்க்காக விடியற்காலை எழுந்த கணக்கு.

இதைவிட மோசமானது, சாப்பிட்ட பின் எடுக்கும் சுகர். முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியது அது. அதாவது, அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். நம் பக்கம் காலையில் களியோ இட்லியோ எட்டு மணிக்கு முன்னால் உள்ளே போவதில்லை. அப்படியானால் இரண்டாவது ரத்தம் பத்து மணிக்கு. பத்து மணிக்குப் பாப்பா தருமபுரியில் நிற்பாள்! திரும்பி வந்து எடுத்து, இன்னொரு முறை தருமபுரிக்குப் போனால் கூடுதலாக 150 ரூபாய் செலவு. அந்த லேப் கொடுப்பது நோயாளிக்கு 100 தான், எத்தனை முறை போனாலும். சுகர்காரர்கள்தான் இந்தத் தொழிலின் நிரந்தர வாடிக்கையாளர்கள் என்பதால் இது எப்போதோ வரும் சிக்கல் இல்லை.

பணத்தை விடுங்கள், சாம்பிள் தாங்குமா என்று பார்ப்போம். பாப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், உங்களுக்காகச் சொல்கிறேன். கிரியேட்டினின், பொட்டாசியம், தைராய்டு போன்றவற்றுக்கு ஜெல் டியூப்பில் எடுப்பார்கள். அதை அரை மணி நேரம் நேராக நிற்க வைத்து உறையவிட்டு, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். ஆறு மணிக்கு எடுத்தது பத்து மணிக்குத் தருமபுரி போனால் நான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குள் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து சீரத்தில் ஏறக்கூடும். பலர் ஐஸ் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் பொட்டாசியம் இன்னும் கூடும். சுகருக்கு எடுக்கும் சாம்பல் மூடி டியூப்பில் ஃப்ளோரைடு இருப்பதால் அது ஓரளவு தாங்கும். ஆனால் ஜெல் டியூப்பிலேயே சுகரும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பிரிக்காமல் வைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 முதல் 7 சதவீதம் சுகர் குறைந்துகொண்டே போகும்.

இதனால் என்ன ஆகும்? கிட்னி பிரச்னைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் ஏறிப்போய் 5.8 என்று ரிப்போர்ட் வரலாம். டாக்டர் பதறிப்போய் மறுபடி எடுக்கச் சொல்வார். இரண்டாவது முறை சரியாக 4.6 வரும். குடும்பம் லேபைத் திட்டாது, "அந்தப் பொண்ணு சரியா எடுக்கல" என்றுதான் சொல்லும். பாலக்கோடு அளவுள்ள ஊரில் அந்தப் பேச்சு தக்காளி மண்டிவரை போய்விடும். நாமே ஒரு சிறிய சென்ட்ரிஃப்யூஜ் வாங்கி வீட்டில் வைத்தால் என்ன என்று பாப்பா கேட்கலாம். சாம்பிள் பிழைக்கும், ஆனால் அந்த 50 கிலோமீட்டர் குறையாது.

இப்போது இரண்டாவது வாய்ப்பு. அதே ஐந்து வீடு. 7,000 நிலையாக, 50 வீதம் 26 நாளுக்கு 6,500. சாப்பிட்ட பின் எடுக்க மறுபடி போவதையும் சேர்த்து தினம் 40 கிலோமீட்டர் வைத்தால் செலவு மாதம் 3,120. கையில் 10,380. சென்டர் ஊரிலேயே இருப்பதால் இடையில் ஒருமுறை வந்து முதல் மூன்று டியூப்பைச் சுற்றிவிட்டு மறுபடி கிளம்பலாம். மத்தியானத்துக்குப் பிறகு அவள் நேரம் அவளுடையது. இப்போதைய லேபிலேயே மாலை ஷிஃப்ட் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் முதல் ஆறு மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம். அழைப்பு குறைந்த மாதத்திலும் அந்த 7,000 காப்பாற்றும்.

ஆனாலும் அப்படியே தலையாட்ட வேண்டாம். சாப்பிட்ட பின் சுகருக்கு இரண்டாவது முறை போனால் தனியாக 30 ரூபாயாவது கேட்கச் சொல்லுங்கள். தினம் இரண்டு பேர் என்றாலே மாதம் 1,560 கூடும், இப்போதைய சம்பளத்தை ஏறக்குறைய தொட்டுவிடுவாள். இவ்வளவு கிலோமீட்டருக்கு மேல் போனால் இவ்வளவு என்று எல்லை வைக்க வேண்டும். அப்புறம், மறுபடி எடுக்க நேர்ந்தால் யார் செலவு என்பது. ஊசியை வேகமாக இழுத்து ரத்த செல்கள் உடைந்து போனால் அது அவள் தவறு, அவள் போகட்டும். சென்டரில் தாமதமாகி, டியூப் மாறி, மெஷின் நின்று கெட்டால் அது அவர்கள் தவறு, போகும் கூலியை அவர்கள் தர வேண்டும். இதெல்லாம் லெட்டர்பேடில் எழுத்தாக வரட்டும்.

சென்டர்காரர் "50 ரூபாய் எதற்கு, பில்லில் 15 சதவீதம் தருகிறேன்" என்று ஆசை காட்டலாம். நான் வேண்டாம் என்பேன். ஒரு சுகர் மட்டும் பார்ப்பவரிடம் அது பத்து, பதினைந்து ரூபாய்தான். அதை ஈடுகட்ட "ஃபுல் பாடி செக்கப் பண்ணிக்கோங்க பாட்டி" என்று விற்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வெறும் சுகருக்காகக் கூப்பிடுபவர்கள் கிராமத்தில் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பாப்பாவைக் கூப்பிடுபவர்கள் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், தைராய்டு மாதிரி லேபில் மட்டுமே பார்க்க முடிந்தவற்றுக்கு வருவார்கள். அதிலும் பலர் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகப் போனில் புக் பண்ணும் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களிடம் முதல்நாள் மாலையே பேசிவிட்டால் டீ பிரச்னை பாதி தீரும். சாப்பிட்ட பின் சுகர் உள்ளவர்களைச் சென்டருக்குப் பக்கத்தில், சுற்றின் கடைசியில், எட்டு மணிவாக்கில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் உடனே சாப்பிட்டு, டாக்டர் வேறு சொல்லாதவரை வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டால், பத்தேகாலுக்கு மறுபடி எட்டிப் பார்க்கலாம்.

விடியாத நேரத்தில் பெண் பிள்ளை தெரியாத வீட்டுக்குப் போவது பற்றி எழுதியிருந்தீர்கள். சென்டர் வழியாகப் பெயர், முகவரி, போன் நம்பரோடு பதிவான அழைப்புக்கு மட்டும் போகட்டும். நேராக அவள் நம்பருக்கு வரும் புது ஆள் என்றால் சென்டருக்குத் திருப்பிவிடட்டும். பெண்களும் வயதானவர்களும் பெண் டெக்னீஷியனையே கேட்கிறார்கள் என்பதால் அவளுக்கு அழைப்புக்குப் பஞ்சம் இருக்காது.

வேலையில் சேரும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று கேளுங்கள். மூன்று டோஸ், முதலாவதுக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும். பயன்படுத்திய ஊசியை மூடி போட முயல வேண்டாம், ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போட்டுச் சென்டரிலேயே ஒப்படைக்க வேண்டும். கை குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்தச் செலவும் விடுப்பும் யார் பொறுப்பு என்று சென்டர்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.