பாரிமகளிர் பாட்டுக்குக் கேள்வி அமைப்பது

கேள்வி: "தரம் 11 பிள்ளைகளுக்கு 'அற்றைத் திங்கள்' படிப்பிக்கிறன். படிமம், தொனி, அமைப்பு பற்றி என்ன கேள்வி கேட்டாலும் கைட் புத்தக வசனந்தான் வருது. எப்படிக் கேட்கிறது?"

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பாரி கதையை முதலிலேயே சொல்லிவிடாதீங்க, டீச்சர். புறநானூற்றைக் கதையில்லாமல் படிப்பிப்பதா என்று யாராவது சண்டைக்கு வரலாம். கதை வரட்டும், இருபது நிமிஷம் கழித்து. முதலே சொன்னால் பிள்ளைகள் பாட்டைப் பார்க்காமல் கதையைத்தான் எழுதுவார்கள்.

முதற் கேள்வி: ஒன்றாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் என்ன வித்தியாசம்? அகரம் இகரமானது இரண்டே இடத்தில். அடுத்து, "அப்போ மாறாதது எது?" நிலவு. இங்கே திங்கள் என்றால் மாதம். அதை நிலா என்று எடுத்த பிள்ளைக்குப் பாட்டு குழம்பிவிடும். போன போயாவுக்கும் இந்தப் போயாவுக்கும் இடைப்பட்ட காலம் என்றால் பிடித்துக்கொள்வார்கள். படிமம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்க வேண்டாம். அதே நிலவு இரண்டாந்தரம் வரும்போது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.

"இதிலுள்ள உவமை யாது?" என்று கேட்டுவிடாதீர்கள். இதில் உவமையே இல்லை. கேட்டால் "நிலவு தந்தைக்கு உவமை" என்று ஒன்றை உண்டாக்கித் தருவார்கள். பாட்டில் எந்தச் சொல்லைத் தொட்டுச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். (மாதிரி வினாத்தாள் போடுகிறவர்கள் எல்லாப் பாட்டுக்கும் அணிநயம் கேட்கிறதை எப்போது விடுவார்களோ!)

தொனிக்கு, "சோகமா கோபமா?" என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "வென்றெறி முரசின்" என்பதை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் கெடவில்லை. அப்படியென்றால் தங்கள் குன்றைப் பறித்தவர்களுக்கு ஏன் இந்தப் பட்டம்? இந்த இடத்தில் கதையைச் சொல்லுங்கள்: மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டும் போரில் வெல்ல முடியாமல் பாரியை வஞ்சித்துக் கொன்றார்கள். பழைய உரைகாரரும் அதை இகழ்ச்சிக்குறிப்பு என்றே சொல்கிறார். ஆனால் அதைப் பிள்ளைகள் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள். அழுகை, துயர் என்று ஒரு சொல்லாவது பாட்டில் இருக்கிறதா என்றும் தேடச் சொல்லலாம். இராது.

அமைப்புக்கு இரண்டு கேள்வி போதும். முதற்பாதியில் தந்தை முன்னே, குன்று பின்னே. பிற்பாதியில் ஏன் மாறியது? மாற்றி எழுதிப் பார்த்தால், கடைசியில் குன்று வந்து நிற்கும். இழப்பு சின்னதாகிவிடும்.

மற்றது, இரண்டாம் அடியில் ஒட்டியிருந்த "எம் குன்று" கடைசியில் என்னவாயிற்று? "எம்" ஓர் அடியிலும் "குன்றும்" அடுத்த அடியிலும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீர்தான், அதனால் அடி அங்கே முடிகிறது. புலவர் வேண்டுமென்றே பிரித்தார் என்று எழுத விடாதீர்கள். அந்தப் பிரிவு காதில் எப்படி விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். சத்தமாக வாசித்து, "எம்" என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள்.