ஐஸ் மீனில் கண் சொல்வதும் செவுள் சொல்வதும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை டவுன் மார்க்கெட்டில்தான் மீன் வாங்குகிறோம். கண் வெள்ளையாக இருந்தால் தொடாதே என்பார் மாமியார். போன வாரம் கண் கருகருவென்று இருந்த சங்கராவாகப் பார்த்து வாங்கி வந்தேன். வீட்டில் கழுவும்போதே நாறியது. கண், செவுள், வாசம், இதில் எதை நம்பி வாங்குவது?
- பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி

உங்கள் மாமியார் சொல்வது கடலோரத்துக்குச் சரியான பேச்சு. படகு கரைக்கு வந்த சில மணி நேரத்தில் வாங்குகிற இடத்தில் கண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நம் பக்கம் கதை வேறு. ஈரோடு ஸ்டோனி பிரிட்ஜுக்கோ கோவை உக்கடத்துக்கோ வருகிற கடல் மீன் ராமேஸ்வரம், நாகை, கடலூர் பக்கமிருந்தோ கேரளக் கரையிலிருந்தோ ராத்திரி முழுக்கப் பெட்டியில் ஐஸோடு வந்தது. லாரி ஏறுவதற்கு முன்பே படகில் சில நாள் ஐஸில் கிடந்திருக்கவும் கூடும். அதனால் நாம் கேட்க வேண்டியது, பிடித்து எத்தனை நாள் ஆச்சு என்பதல்ல. அத்தனை நாளும் ஐஸ் விடாமல் இருந்ததா என்பதுதான்.

ஐஸ் உருகும் குளிரில், அதாவது பூஜ்யம் டிகிரியில், கெடுகிற வேகத்தைவிடப் பத்து டிகிரியில் மீன் சுமார் நான்கு மடங்கு வேகமாகக் கெடும். மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட்டு அடுக்கி வந்த சங்கரா ஒரு வாரம் கழித்தும் குழம்புக்கு நன்றாகவே இருக்கும். அதே மீன் சித்திரை வெயிலில் ஐஸ் இல்லாமல் அரை நாள் கிடந்தால் போதும், அதன் கதை முடிந்தது.

இனி கண்ணுக்கு வருவோம். புது மீனின் கண் வெளிப்பக்கம் பிதுங்கி, மேல் தோல் கண்ணாடி மாதிரி தெளிந்து, நடுவில் பாப்பா கன்னங்கரேலென்று இருக்கும். நாளாக ஆக உள்ளிருக்கும் நீர் குறைந்து கண் முதலில் தட்டையாகும், பிறகு குழி விழும். பாப்பா சாம்பல் நிறத்துக்குப் போகும், மேல் தோல் பால் கலந்த மாதிரி மங்கும். இது எல்லா மீனிலும் நடப்பதுதான். சிக்கல் எங்கே என்றால், ஐஸ் நேராகக் கண்ணில் பட்டாலும் அந்த மேல் தோல் மங்கிவிடும். நன்றாக ஐஸ் போட்டு வந்த நல்ல மீனின் கண் வெளுத்திருக்கலாம். ஐஸுக்கு ஓரமாகக் கிடந்து சூடு பிடித்த மீனின் கண் கருப்பாகவே இருக்கலாம். போன வாரம் உங்களை ஏமாற்றியது அப்படி ஒரு கண்ணாகத்தான் இருக்கும்.

அதனால் கண்ணில் நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள். மங்கல் ஐஸாலும் வரும். குழி பெரும்பாலும் பழசால்தான் வரும். மங்கியிருந்தும் பிதுங்கி நிற்கிற கண்ணைத் தள்ளிவிடாதீர்கள், செவுளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். குழி விழுந்த கண் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். ஒன்று: ஆழத்திலிருந்து மேலே இழுத்த மீன்களுக்கு அழுத்தம் மாறுவதால் கண் அளவுக்கு மீறிப் பிதுங்கி நிற்கும். அதைப் பார்த்து மயங்கி விலை பேசாமல் விட்டுவிட வேண்டாம்.

செவுள்தான் நம் ஊர் மார்க்கெட்டில் முக்கிய சாட்சி. கடைக்காரரிடம், "அண்ணா, செவுளைத் தூக்கிக் காட்டுங்ணா" என்று கேளுங்கள். நல்ல மீன் வைத்திருப்பவர் கேட்பதற்கு முன்பே தூக்கிக் காட்டுவார். "எல்லாம் காலையில வந்த பொட்டிதானுங்க" என்று பேச்சை மட்டும் கொடுத்துவிட்டு செவுள் மூடியைத் திறக்காதவரிடம் நான் வாங்குவதில்லை. செவுளைப் பிடுங்கிவிட்டு அடுக்கியிருந்தாலும் அப்படித்தான்.

மூடியைத் தூக்கியதும் மூன்று விஷயம் தெரியும். இழைகளின் நிறம், இழைகள் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா, மேலே இருக்கிற கொழகொழப்பு. புது மீனில் இழை பளிச்சென்ற சிவப்பு, ஒவ்வொன்றும் சீப்புப் பல்லாகத் தனித்தனியாக நிற்கும், மேலே தண்ணீர் போலத் தெளிவான வழவழப்பு. இந்தச் சிவப்பு ரத்தத்தின் நிறம். காற்றுப் பட்டு நாளாகும்போது ரத்தத்தின் சிவப்புப் பொருள் பழுப்பாக மாறுவதால் செவுளும் செங்கல் நிறம், காபித்தூள் நிறம் என்று இறங்கும். கூடவே வழவழப்பு கலங்கி, கெட்டியாகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடம்பில் முதலில் கெடத் தொடங்கும் இடங்களில் செவுளும் குடலும் முக்கியமானவை, கிருமி அங்கேதான் அதிகம். அதனால்தான் தோல் பளபளவென்று இருக்கும்போதே செவுள் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

வெளிறிய ரோஸ் நிற செவுளைக் கண்டு பயந்துவிட வேண்டாம். உருகிய ஐஸ் தண்ணீரில் ஊறினால் சிவப்பு கரைந்து போய்விடும். இழை பிரிந்து, வழவழப்பு தெளிந்து, நாற்றமில்லாமல் இருந்தால் அது நாள்பட்ட ஆனால் கெடாத மீன். விலை குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். பழுப்பு நிறம்தான் ஆபத்து. சாயம் பூசியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இழைகள் முளைத்திருக்கும் வளைந்த எலும்பைப் பாருங்கள். அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். இழை, எலும்பு, மூடியின் உட்புறம் எல்லாம் ஒரே சிவப்பில் இருந்தால் ஒரு வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வாசத்தைத் தோலில் முகர்ந்து பயனில்லை. கழுவிக் கழுவி அடுக்கியிருப்பார்கள், பக்கத்தில் நெத்திலிக் கூடை வேறு. குளிரும் நாற்றத்தை அமுக்கிவிடும். ஐஸில் கிடக்கிற மீன் கெட்டிருந்தாலும் கடையில் அவ்வளவாக நாறாது, வீட்டுக்கு வந்து சூடு ஏறியதும்தான் தெரியும். உங்களுக்கு நடந்தது இதுவே. எனவே விரலைச் செவுளுக்குள் விட்டு நன்றாகத் தேய்த்து, விரலின் சூடு ஏறும்வரை கொஞ்சம் பொறுத்து, பிறகு விரலை முகருங்கள். புதுக் கடல் மீனில் பாசி, உப்புத் தண்ணீர் வாசம் வரும், சில நேரம் எதுவுமே வராது. நாம் கவுச்சி என்கிற அந்தக் குத்தல் பிறகுதான் வருகிறது. கடல் மீனின் சதையில் இயல்பாக உள்ள ஒரு பொருளைக் கிருமிகள் உடைத்து அதைக் கிளப்புகின்றன. லேசான கவுச்சியை புளியும் மிளகாயும் சமாளிக்கும். புளித்த வாடை, அழுகின முட்டைக்கோஸ் வாடை, மூக்கில் ஏறும் அமோனியா வாடை வந்தால் விட்டுவிடுங்கள். சுறா, திருக்கை இரண்டிலும் அமோனியா சீக்கிரம் வரும், அவற்றின் சதையிலேயே யூரியா அதிகம். பால் கொடுக்கிறவருக்குப் புட்டு வைக்கச் சுறா வாங்கும்போது இதில் இன்னும் கறாராக இருங்கள்.

இப்போது உங்கள் சங்கராவையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டு கடை, இரண்டிலும் அரைக் கிலோ அளவில் சங்கரா. முதல் கடையில் மீன் ஐஸ் தூளுக்குள் புதைந்திருக்கிறது. கண் மங்கல், ஆனால் பிதுங்கியிருக்கிறது. செவுள் வெளிர் சிவப்பு, இழை பிரிந்திருக்கிறது. விரலில் லேசான கடல் வாசம். இரண்டாவது கடையில் பலகை மேல் அழகாகப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருக்கிறார், கண் கருப்பு, ஆனால் தட்டை, செவுள் செங்கல் நிறம், இழை ஒட்டியிருக்கிறது, விரலில் புளிப்பு. கண்ணின் நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது கடைக்குத்தான் கை போகும். வாங்க வேண்டியது முதல் கடையில். காலை பத்து மணிக்கு மேல் போகிறீர்கள் என்றால் பலகை மீனை நான் எடுக்கவே மாட்டேன்.

மேட்டூர், பவானிசாகர் டேம் மீன் என்றால் அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ரோகு, கட்லா, ஜிலேபியில் அந்தக் கவுச்சியைக் கிளப்பும் பொருள் மிகக் குறைவு. அதனால் கெட்ட டேம் மீன்கூடக் கடல் மீன் அளவுக்குக் கவுச்சி அடிக்காது. மூக்கை நம்பி ஏமாறுவது இதில்தான் அதிகம். வருகிற மண் வாடை கெட்டதன் அடையாளம் அல்ல, தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களால் வருவது. உயிரோடு துள்ளும் ஜிலேபியிலும் அது இருக்கும். இங்கே கண்ணும் செவுளும்தான் சாட்சி. டேம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மீனில் மங்கிய கண்ணுக்கு ஐஸைச் சாக்குச் சொல்ல விடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மேற்குக் கரை மீனோடு, ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்த மீனும் மார்க்கெட்டில் கலந்து வரும். அதற்குக் கண் முழுதாக வெளுத்து உள்ளே போயிருக்கும், செவுள் நிறமிழந்திருக்கும், அழுத்தினால் தண்ணீர் கசியும். கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் புது மீன் விலை கொடுக்க வேண்டாம், வீட்டு ஃப்ரீசரில் மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம்.

வஞ்சரத்தைத் துண்டாக வாங்கும்போது செவுள் கையில் கிடைக்காது. வெட்டிய தலை பக்கத்தில் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நடு எலும்பை ஒட்டிய ரத்தம் சிவப்பா பழுப்பா என்று பாருங்கள். செவுளுக்குச் சொன்ன நியாயம் அதற்கும் பொருந்தும்.

இத்தனை பார்த்தும் பிடிபடாதவை இரண்டு உண்டு. ஒன்று, மீன் கெடாமல் இருக்கச் சிலர் சேர்க்கிற ரசாயனமான ஃபார்மலின். செவுள் நாறாமல், சதை ரப்பராக விறைத்து, முகர்ந்தால் கண் எரிந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்வது சோதனையால்தான் முடியும். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் சொன்னால் மாதிரி எடுப்பார்கள். இன்னொன்று அயிலை, சூரை, மத்தியில் வருகிற ஹிஸ்டமின் என்கிற நச்சுப் பொருள். ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் சூட்டில் கிடந்த மீனில் இது உருவாகிவிடும். பிறகு ஐஸ் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, நாற்றமும் காட்டாமல் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுரீரென்றால் அத்தோடு தட்டை நகர்த்திவிடுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால் மீன் அலர்ஜி என்று நீங்களே முடிவு கட்டாமல், என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு இரைத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.