மெயின் போர்டில் ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் 63, கீழே எம்.சி.பி. சி32. ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்தே போகிறது. வளைகோட்டை எப்படிப் பார்ப்பது?

உங்கள் வீட்டில் யாராவது "எம்.சி.பி. மட்டம், கம்பெனியை மாற்றுங்கள்" என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். காரைக்குடி பக்கம் ஒரு பெரிய வீட்டில் இதே 63-க்கும் சி32-க்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டபோதும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்.

செட்டிநாட்டு வீடு தெரியும்தானே. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். மீட்டரும் மெயின் ஸ்விட்ச்சும் முகப்பில் இருக்கின்றன. அடுப்படி டி.பி. மூன்றாங்கட்டில். இடையில் நாற்பது மீட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள். பல வருஷமாக அடுப்படியில் ஏதாவது ஷார்ட் ஆனால் எம்.சி.பி. மட்டும் விழும், தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆள் வந்திருந்த நேரம், கிரைண்டர் வயர் நசுங்கி ஷார்ட் ஆனது. எம்.சி.பி.யும் விழுந்தது, முகப்பில் ஒரு ஃபேஸ் ஃபியூஸும் போனது. பாதி வீடு இருட்டு. போர் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு நின்றது. "ஏந்தம்பி, அடுப்படியில போனா அடுப்படியிலதானே போகணும்?" என்று பெரிய ஆச்சி கேட்டார். டிஸ்கிரிமினேஷன் என்பதே அந்தக் கேள்விதான்.

போன ஃபியூஸை உடைத்துப் பார்த்தேன். ஓவர்லோடில் போயிருந்தால் உள்ளே இருக்கும் பட்டை, நடுவில் ஈயப்பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் அறுந்திருக்கும். இதில் எல்லா வெட்டுகளும் எரிந்து மணல் கண்ணாடிபோல இறுகியிருந்தது. அப்படியென்றால் ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் நல்ல ஃபியூஸ், தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இனி வளைகோடு. லாக்-லாக் தாளில் கீழே மின்னோட்டம், பக்கவாட்டில் நேரம். ஃபியூஸின் கீழ் விளிம்பையும் (மிகச் சீக்கிரம் உருகும் கோடு) எம்.சி.பி.யின் மேல் விளிம்பையும் (மிகத் தாமதமாக விழும் கோடு) எடுங்கள். பலர் நடுக்கோட்டை எடுத்துவிட்டு "இடைவெளி இருக்கிறதே" என்பார்கள். ஓவர்லோடு பக்கம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சி32 தன் அளவைப்போல் 1.45 மடங்கில், அதாவது 46 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 63 ஜி.ஜி. ஃபியூஸ் அதன் 1.25 மடங்கான 79 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் உருகக்கூடாது. ஆனால் முகப்பு ஃபியூஸ் வழியாக மற்ற கட்டுகளின் லோடும் போகிறது, அதைக் கூட்டிப் பாருங்கள்.

வினை வலதுபக்கம் இருக்கிறது. சி வகை எம்.சி.பி.யின் காந்தப்பகுதி 5 முதல் 10 மடங்கில் இழுக்கும். சி32-க்கு 160 முதல் 320 ஆம்பியர். அதற்கு மேல் அதன் கோடு ஏறக்குறைய படுத்துவிடும்: எவ்வளவு மின்னோட்டம் வந்தாலும் பத்து மில்லி செகண்டை ஒட்டியே நிற்கும். ஃபியூஸ் கோடு படுக்காது, சரிந்துகொண்டே போகும். ஐ.இ.சி. 60269 தரப்படி 63 ஜி.ஜி. ஃபியூஸ் 0.1 செகண்டில் உருக 450 முதல் 820 ஆம்பியர் வேண்டும். 0.01 செகண்டில் உருகுவதற்கான I²t, அதாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கியது, 9,000 முதல் 27,000. கணக்குப் போட்டால் √(9000/0.01), சுமார் 950 ஆம்பியர். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்வது அங்கேதான். அதற்குக் கீழே எம்.சி.பி. ஜெயிக்கும், மேலே உத்தரவாதம் கிடையாது.

சரி, பல வருஷம் ஏன் போகவில்லை? போர்டில் எதுவும் மாறவில்லை, தெருவில் மாறியது. முன்பு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் தூரத்தில் இருந்தது, மெல்லிய கம்பியில் வந்து சேரும்போது அடுப்படியில் ஷார்ட் ஆனாலும் அறுநூறு எழுநூறு ஆம்பியர்தான். பிறகு தெருமுனையிலேயே 250 கே.வி.ஏ. வைத்தார்கள். மின்மறுப்பு 4.5 சதவீதம் என்றால் அதன் வாயில் 7,400 ஆம்பியர். சர்வீஸ் கம்பியும் உள்கேபிளும் கழித்து அடுப்படி டி.பி.யில் என் கணக்குக்குச் சுமார் 2,500. வெட்டுப்புள்ளியைத் தாண்டியாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 0.1 செகண்டுக்குக் கீழே வளைகோட்டை மட்டும் நம்பக்கூடாது. மின்னோட்டம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்து முதல் அரைச்சுற்று மாறும், எம்.சி.பி.யும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும். அந்தப் பகுதியில் I²t-ஐத்தான் ஒப்பிட வேண்டும்: எம்.சி.பி. விழுந்து முடிவதற்குள் உள்ளே விடும் I²t, ஃபியூஸ் உருக வேண்டிய குறைந்தபட்ச I²t-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்த எம்.சி.பி.யின் காட்டலாக் படத்தில் 2,500 ஆம்பியருக்கு நான் படித்தது சுமார் 15,000. ஃபியூஸோ 9,000-லேயே போகலாம், 27,000 வரை தாங்கவும் செய்யலாம். அதனால்தான் ஒரு தடவை போகும், இன்னொரு தடவை போகாது. போகாமல் நின்ற ஃபியூஸும் உள்ளே பாதி உருகி நிற்கலாம், வெளியே தெரியாது. மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

"1.6 மடங்கு விதி இருக்கிறதே, 32-க்கு 51 போதும், 63 தாராளம்" என்று எழுத வருகிறவர்களுக்கு: அது ஃபியூஸுக்கு மேல் ஃபியூஸ் இருந்தால். கீழே எம்.சி.பி. இருந்தால் செல்லாது. மென்பொருளில் போட்டால் துல்லியமாக வரும் என்பதை நானும் மறுக்கவில்லை. பங்காளி வீட்டுக்கு அதற்குக் காசு யார் தருவார்கள்?

நாங்கள் 100 ஜி.ஜி. போட்டோம், அதன் குறைந்தபட்ச I²t 27,000. 80 போட்டால் 16,000தான், 15,000-க்குப் பக்கத்தில் நிற்கும், எனக்கு மனசில்லை. 100 வேண்டுமென்றால் 63 ஸ்விட்ச் ஃபியூஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், கேபிளும் 50 சதுர மில்லிமீட்டர் ஆக வேண்டும். பழைய கேபிளில் பெரிய ஃபியூஸைச் சொருகினால் கேபிள்தான் ஃபியூஸ் ஆகிவிடும். கேபிளைத் தடிப்பாக்கினால் ஷார்ட் மின்னோட்டமும் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். எங்களுக்கு அது 3,000 பக்கம் வந்தது, எம்.சி.பி. விடுவது 18,000 அளவு. 27,000-க்கு உள்ளேதான், சரி. முகப்பில் 100 ஆம்பியர் எம்.சி.சி.பி. போடலாமே என்றார்கள். பத்து மடங்கில் காந்தம் இழுக்கும் சாதாரண ரகம் 1,000 ஆம்பியரில் தானும் விழும், பயனில்லை.

இதைச் செய்து முடித்ததைவிட, செய்யச் சம்மதம் வாங்கியதுதான் பெரிய பாடு. வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். "எங்கள் கட்டில் விளக்கு எரிகிறதே, நான் ஏன் தர வேண்டும்?" என்பார் ஒருவர். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கு வருகிறவர்தான் அதிகம் பேசுவார். தேக்குத் தூணுக்குப் பாலிஷ் என்றால் உடனே பணம் வரும், கேபிளுக்கு வராது. போகட்டும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ., எவ்வளவு தூரம், கேபிள் என்ன அளவு என்று கருத்தில் போடுங்கள். சமீபத்தில் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினார்களா என்பதை முதலில் விசாரியுங்கள்.