தாமதமாக வந்த ஆஃபர் லெட்டரை மறுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: மார்ச்சில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்தது. "ஆண்டுக்கு 7 லட்சம் என்றால் சேரத் தயார்" என்று ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பினேன். அப்புறம் பேச்சே இல்லை. நான் வேறு வேலையில் சேர்ந்துவிட்டேன். இப்போது ஆகஸ்டில் 6.6 லட்சத்துக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். எனக்குச் சண்டை வேண்டாம். மறுத்தால் பழைய மெயிலைக் காட்டி வழக்குப் போடுவார்களா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாக மறுக்கலாம். ஆஃபர் லெட்டர் என்பது வெறும் முன்மொழிவு. நீங்கள் ஏற்றால்தான் ஒப்பந்தம். "பதில் வராவிட்டால் சம்மதம்" என்று ஒரு தரப்பு மட்டும் எழுதிக்கொள்வது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மூன்று நாளுக்குள் பதில் போட்டுவிடுங்கள். வீண் பேச்சு மிச்சம்.

யோசிக்க வேண்டியது அந்த மார்ச் மெயிலைத்தான். "முன்மொழிந்தது நீங்கள், அதைத்தான் நாங்கள் ஏற்றோம்" என்று ஒரு வக்கீல் வாதாட இடம் உண்டு. அந்த வாதம் நிற்காது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, கெடு எதுவும் குறிப்பிடாத முன்மொழிவு நியாயமான காலம் கடந்தால் தானே காலாவதியாகிவிடும். 1866இல் முடிந்த ஓர் இங்கிலாந்து வழக்கில், ஜூனில் பங்கு கேட்டு விண்ணப்பித்தவருக்கு நவம்பரில் ஒதுக்கினார்கள். அவர் வாங்க மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். எவ்வளவு காலம் நியாயம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும்தான். ஆனால் உங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. 7ஆவது பிரிவுப்படி, ஏற்பு என்றால் சொன்னதைச் சொன்னபடியே ஏற்க வேண்டும். நீங்கள் சொன்னது 7, அவர்கள் தருவது 6.6. அது ஏற்பே அல்ல, புது முன்மொழிவு.

தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா என்றால், முடியாது. ஒப்பந்தமே உருவாகவில்லையே. எனவே மனத்தாங்கலை மெயிலில் கொட்டுவதால் பயன் இல்லை. "முன்பே அனுப்பியிருந்தால் சேர்ந்திருப்பேன்", "7 கொடுத்தால் பார்க்கலாம்" போன்ற வரிகளும் வேண்டாம். பிந்தைய வரி மறுப்பைப் பேரமாக மாற்றிவிடும். அவர்கள் 7க்குச் சரி என்றால் மறுபடியும் இழுபறி. இவ்வளவு போதும்:

"தங்கள் ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. நான் வேறு பணியில் சேர்ந்துவிட்டதால் இதை ஏற்க இயலவில்லை. மார்ச் மாதம் நான் அனுப்பிய மெயிலும் இனி நடப்பில் இல்லை எனக் கொள்ளவும்."

ஆஃபர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக இதை அனுப்புங்கள். நிறுவனத்தின் போர்ட்டலில் Decline பட்டன் இருந்தால் அதையும் அழுத்தி, திரையைப் படம் எடுத்து வையுங்கள். பார்க்கலாமே என்று Accept மட்டும் அழுத்திவிடாதீர்கள். மின்னணு வழியில் தரும் சம்மதத்தாலும் ஒப்பந்தம் உருவாகும். ஜாயினிங் போனஸ் என்று கணக்கில் ஏதாவது பணம் வந்தால், தொடாமல் உடனே திருப்பி அனுப்புங்கள்.