தட்டைப் பாதம், வளைந்த பாதம்: ஓடுவதற்கு எந்த ஷூ?

கேள்வி: எனக்கு வயது 36. ஈரக்காலோடு தரையில் நின்றால் பாதம் முழுவதும் பதிகிறது. என் தங்கைக்கு நேர்மாறு. குதிகாலும் முன்பாதமும் மட்டுமே பதிகின்றன. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம். எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்பக்கம் வலிக்கிறது. அவளுக்குப் பாதத்தின் மேற்புறமும் வெளிவிளிம்பும் வலிக்கின்றன. கடையில் எனக்கு ஸ்டெபிலிட்டி ஷூ, அவளுக்கு நியூட்ரல் ஷூ என்கிறார்கள். எனக்குச் சொன்னதன் விலை மிக அதிகம். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

உங்கள் தங்கைக்குக் கடையில் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால், அவர் ஷூ வாங்குவதற்கு முன் அந்த வெளிவிளிம்பு வலியைப் பார்த்தாக வேண்டும். உங்களுக்குச் சொன்னதை மட்டும் ஈரத் தடத்தை நம்பி ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பாதத்தடத்தைப் பார்த்து ஷூ கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தட்டையான பாதம் ஓடும்போது உட்பக்கம் அதிகமாகச் சாயும், அதனால் உட்பக்கத்தில் கடினமான தாங்கல் உள்ள ஸ்டெபிலிட்டி ஷூ வேண்டும். வளைந்த பாதம் அதிர்ச்சியை வாங்காது, அதனால் அந்தத் தாங்கல் இல்லாத, மென்மையான நியூட்ரல் ஷூ வேண்டும் என்பது அதன் கணக்கு. அமெரிக்கத் தரைப்படை, விமானப் படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ. மறு பிரிவினருக்குப் பாதம் எப்படியிருந்தாலும் ஒரே வகை ஸ்டெபிலிட்டி ஷூ. 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயப்பட்டிருந்தார்கள்.

காரணம் எளிது. அசையாமல் நிற்கும்போது பாதம் பதிக்கும் தடம், ஓடும்போது அது எப்படி அசைகிறது என்பதைச் சொல்வதில்லை. நிற்கும்போது தட்டையாகத் தெரியும் இரண்டு பாதங்களில் ஒன்று நெகிழ்ந்து மீளும். மற்றொன்று இறுகிப்போய் அப்படியே இருக்கும். கடைகளில் ஏறி நிற்கச் சொல்லும் அழுத்தப் பலகையும் நின்ற பாதத்தைத்தான் படம் பிடிக்கிறது. வண்ணப் படமாக வருவதால் துல்லியம் கூடிவிடுவதில்லை.

ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வெறுங்காலுடன் சுவரைப் பிடித்து நில்லுங்கள். தங்கையைப் பின்னால் இருந்து, தரையளவில் கைபேசியை வைத்து, குதிகால்களைப் படமெடுக்கச் சொல்லுங்கள். மெதுவாக இரண்டு கால்களின் முன்பாதத்திலும் எழும்புங்கள். எழும்போது உட்பக்கத்தில் வளைவு தோன்றி, குதிகால் உட்புறமாகத் திரும்பினால் அது நெகிழும் தட்டைப் பாதம். தட்டைப் பாதம் உள்ள பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான். எழும்பியும் வளைவு வராவிட்டால் அது இறுகிய பாதம். அடுத்து ஒற்றைக் காலில் எழும்புங்கள். எழும்ப முடியாமல் போனாலோ, உட்கணுக்காலுக்குப் பின்னால் வலித்தாலோ, பாத வளைவைத் தாங்கும் தசைநாரில் பிரச்சினை இருக்கலாம். இறுகிய பாதமோ இந்தத் தசைநார் வலியோ இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்; ஷூ பிறகு.

உங்களுடையது நெகிழும் பாதம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இப்போது காலெலும்பு வலி. எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், அது புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் காலெலும்பு உறை வலி. ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள்.

பரவலான வலி என்றால் தாங்கல் ஷூ உதவுமா? ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே மாதிரி நியூட்ரல் ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உட்பக்கம் சாயும் பாதம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் காயப்படவில்லை. 2014ல் வெளிவந்த முடிவு இது. மிக அதிகமாகச் சாயும் பாதங்கள் அதில் சிலவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2016ல் லக்சம்பர்க்கில் இருந்து வந்த ஆய்வில் 372 பேரில் ஒரு பிரிவினர் தாங்கல் உள்ள ஷூவிலும், மறு பிரிவினர் இல்லாத ஷூவிலும் ஆறு மாதம் ஓடினார்கள். தாங்கல் உள்ள ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் குறைவு. அந்தப் பலன் உட்பக்கம் சாயும் பாதம் உள்ளவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது.

இவற்றை வைத்து நான் சொல்வது இதுதான். வலியே இல்லாத நெகிழும் தட்டைப் பாதத்துக்குத் தனி ஷூ தேவையில்லை. உட்பக்கத்தில் வலி இருக்கும் உங்களுக்கு மிதமான தாங்கல் உள்ள ஷூவை முயன்று பார்க்க நியாயம் இருக்கிறது. மிகக் கடினமான மோஷன் கண்ட்ரோல் வகை வேண்டாம். கனடாவில் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த 81 பெண்களிடம் செய்த சிறிய ஆய்வில், அந்த வகை ஷூ அணிந்தவர்களுக்கு வலி கூடுதலாகவே இருந்தது. அந்த விலையுயர்ந்த ஷூவைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. போன ஆண்டு மாடலில் அதே தாங்கல் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஷூவைக் கையில் எடுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். நடு மெத்தையின் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் கட்டைவிரலால் மாறி மாறி அழுத்துங்கள். உட்பக்கம் சற்றுக் கடினமாக இருந்தால் தாங்கல் வைத்திருக்கிறார்கள். இப்போதைய சில மாடல்களில் கடினமான பகுதிக்குப் பதிலாக, குதிகாலின் இருபுறமும் விளிம்பை உயர்த்தியோ அடிப்பகுதியை அகலப்படுத்தியோ இருப்பார்கள், அதுவும் சரிதான். அடுத்து, பின்பக்கம் குதிகாலைப் பிடிக்கும் கிண்ணத்தை இரண்டு விரலால் நசுக்குங்கள், எளிதில் மடங்கக்கூடாது. பிறகு ஷூவின் இரு முனையையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கும் ஷூ உங்களுக்கு ஆகாது.

அளவில்தான் தட்டைப் பாதக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எடை ஏறும்போது உங்கள் பாதம் நீண்டு அகலும். எனவே மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸுடன் கடைக்குப் போங்கள். ஷூவின் உள்தாளை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் இரண்டு காலிலும் எடை போட்டு நில்லுங்கள். பாதம் தாளின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ குறுகல். அளவைக் கூட்டுவதைவிட, அதே அளவில் அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். உட்பக்க வளைவில் கட்டிபோல் ஏதாவது குத்தினால் வாங்க வேண்டாம். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்பார்கள். கொப்புளம்தான் வரும்.

தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். வளைந்த பாதம் பெரும்பாலும் இறுக்கமானது. தரையில் படும்போது தட்டையாகி அதிர்ச்சியைப் பரப்புவது குறைவு. எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் வெளிவிளிம்பிலும் குவிகிறது. அதனால்தான் இவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கும் வெளிப்பக்க எலும்பு விரிசலும் வருகின்றன. சுண்டுவிரலுக்கு நேர் பின்னால், பாதத்தின் வெளிவிளிம்பில், நடுவில் ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். அந்த முடிச்சையும் அதற்கு முன்னால் உள்ள நீள எலும்பையும் அவர் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். கூர்மையான வலி ஒரே இடத்தில் இருந்தால் ஓடக்கூடாது, படம் எடுக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி தொடர்ந்தால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். ஒரு பாதத்தில் மட்டும் வளைவு அதிகமாக இருந்தாலோ, ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனாலோ நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

எலும்பில் சிக்கல் இல்லையென்றால் அவருக்கு மெத்தை நன்றாக உள்ள நியூட்ரல் ஷூ. உட்பக்கத் தாங்கல் உள்ள ஷூவைத் தப்பித்தவறியும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வெளிப்பக்கம் போகும் எடையை அது இன்னும் தள்ளும். மெத்தை மென்மையாக இருக்கலாம், ஆனால் அடிப்பகுதி குறுகலாகவும் உயரமாகவும் இருந்து ஆடக்கூடாது. கடையில் ஷூவைப் போட்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். கணுக்கால் வெளிப்பக்கம் நடுங்கினால் அடுத்ததைப் பாருங்கள்.

அவருடைய பாதத்தின் மேற்புற வலிக்குக் காரணம் லேஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவு உயர்ந்தால் பாதத்தின் முதுகும் உயர்கிறது; லேஸ் அதன்மேல் அழுந்துகிறது. வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள துளைகளில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அடுத்த துளையிலிருந்து மீண்டும் குறுக்கே போட்டால் அங்கே ஒரு சன்னல் திறந்துவிடும். இதற்குச் செலவே இல்லை. புது ஷூ வாங்குவதற்கு முன், இப்போதுள்ள ஷூவிலேயே இன்று மாலை செய்து பார்க்கலாம். வாங்கும்போது நாக்குப் பகுதி தடிமனாகவும், லேஸ் கட்டிய பின் இரு பக்கத் துளை வரிசைகளும் வெகுதூரம் விலகி நிற்காமலும் இருக்க வேண்டும்.

பழைய ஷூவின் அடித்தேய்மானத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஏதாவது சொல்லக்கூடும். குதிகாலின் வெளி ஓரம் தேய்வது குதிகாலில் இறங்கி ஓடுபவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. உங்கள் இருவருக்கும்கூட இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கடைசித் தேர்வுக்கு நான் நம்புவது ஓடிப் பார்ப்பதைத்தான். பிடித்த இரண்டு மாடல்களில் இடது காலில் ஒன்று, வலது காலில் மற்றொன்று போட்டு வாசலில் சிறிது தூரம் ஓடுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள். எதில் பாதத்தைப் பற்றிய நினைப்பே வரவில்லையோ அதை எடுங்கள்.

உங்கள் வலி ஒரு காலில் மட்டும் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகின்றன. எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் சாலை நடுவை ஒட்டிய கால் உட்பக்கமும், ஓரத்தை ஒட்டிய கால் வெளிப்பக்கமும் சாய்கின்றன. மைதானத்துக்கோ சமதளப் பாதைக்கோ மாறிப் பாருங்கள்.

புது ஷூவை முதல் இரண்டு வாரம் பழையதோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாக்கி, தூரத்தை மூன்று கிலோமீட்டருக்குக் குறையுங்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் என்பது ஓடத் தொடங்கி இரண்டு மாதமே ஆன காலெலும்புக்கு அதிகம். உங்கள் வலியில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் கணிப்பு. மூன்று வாரத்தில் வலி பாதியாகாவிட்டாலோ, முழங்காலின் வெளிப்பக்கம்போலப் புதிய இடத்தில் வலி வந்தாலோ, தாங்கல் உள்ள ஷூ உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொண்டு, இரண்டு ஷூவையும் எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.